நீங்க வர்ற வரைக்கும் மூளை காத்திருக்காது

"ஊர்ல அப்பா அம்மாவுக்கு என்ன ஆனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்" என்று போன மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர் பெருமையாகச் சொன்னார். இந்த வலைப்பூவை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அப்படித்தான் பழக்கி வைத்திருப்பீர்கள். அந்தப் பெருமையோடுதான் இன்றைக்குச் சண்டை போடப்போகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்க பெரியப்பா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாணார்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லிகை வைத்திருந்தார். வயது அறுபத்தாறு. சுகர் உண்டு, பிரஷர் உண்டு, மாத்திரையும் உண்டு, அதை ஞாபகம் வந்தால் போடுகிற பழக்கமும் உண்டு. மல்லிகை வைத்தவர்களுக்கு விடியற்காலைத் தூக்கம் கிடையாது. மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சேர்த்தால்தான் விலை. அன்றைக்கும் டார்ச் லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு பெரியம்மாவும் அவரும் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

காலை 5.40. பேசிக்கொண்டே வந்த மனிதருக்குப் பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த பூக்கூடை விழுந்தது. வலது கால் மடங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை, குழறலாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், பூ வாங்குகிற வண்டிக்காரர் அந்த நேரத்துக்குத்தான் தினமும் ஹாரன் அடிப்பார். ஹாரன் சத்தமும் கூடை விழுந்ததும் ஒன்றாக நடந்தது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லும்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு நிமிஷத்தையும் நான் பல ராத்திரி திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கி வந்து ஊற்றினார்கள், அது வாயோரமாக வழிந்தது. 6.05க்குச் சென்னையிலிருக்கிற தம்பிக்கு, அதாவது பெரியப்பா மகனுக்கு, போன் போனது. அவன் தங்கமான பையன். பதறிப்போய், "ஆஸ்பிரின் மாத்திரை இருந்தா ஒண்ணு குடுங்க, நான் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன், அதுவரைக்கும் எங்கயும் அலைய விடாதீங்க" என்றான். அந்த டாக்டர் போனை எடுக்கவில்லை. 6.50க்கு எனக்குத் தகவல் வந்து ஓடினேன். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்து, பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு மாமா.

இதில் என் பங்கும் உண்டு. 108க்குப் போன் போடலாம் என்று பெரியம்மா சொன்னது. நான்தான், "வேணாம் பெரியம்மா, நமக்குப் பழக்கமான நர்சிங் ஹோம் இருக்கு, கார்லயே போயிரலாம்" என்றேன். எந்த நர்சிங் ஹோம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. 7.40க்குப் போய்ச் சேர்ந்தோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிரஷர் 180 இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து அதை மளமளவென்று இறக்கினார்கள். 9 மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்று ஸ்கேன் எடுக்கும்போது 9.50. ரிப்போர்ட் கையில் வரும்போது 10.30. மதுரைக்குப் போங்கள் என்றார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மணி 12.15.

அங்கே வந்த சின்ன வயசு டாக்டர் கேட்ட முதல் கேள்வி பேரோ வயசோ இல்லை. "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்றுதான் கேட்டார். 5.40 என்றேன். அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பக்கவாதம் என்று நாம் ஒரே பேரில் சொல்வது இரண்டு வேறு வேறு காரியம். தோட்டத்து பாஷையில் சொன்னால், ஒன்று சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு. இன்னொன்று பைப் வெடித்தது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் கட்டி வந்து அடைத்துக்கொள்வது முதல் வகை. நம் ஊரில் வருவதில் பெரும்பங்கு இதுதான். குழாயே வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இரண்டாவது வகை. பெரும்பாலும் வருஷக்கணக்காகக் கட்டுப்பாடில்லாத பிரஷரின் வேலை.

இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அடைப்பு என்றால் தண்ணீரை அழுத்தித் தள்ள வேண்டும், அடைப்பைக் கரைக்க வேண்டும். வெடிப்பு என்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும். வெடித்த பைப்புக்கு மோட்டாரைக் கூட்டி வைக்கிறவன் விவசாயியே இல்லை. ஆனால் மனுஷ மூளைக்கு இதைத்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம்.

தம்பி சொன்ன ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கிற மாத்திரை அது. அடைப்புக்கு அது மருந்துதான், ஆனால் ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டர் சொல்கிற நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்து. கசிவில் கொடுத்தால், நிற்க வேண்டிய ரத்தம் நிற்காமல் போகலாம். அதே மாதிரி அந்த நாக்கடி மாத்திரை. கசிவு என்றால் பிரஷரைக் கட்டுப்பாடாக இறக்குவது சரியான வைத்தியம். அடைப்பு என்றால், அடைபட்ட இடத்தைச் சுற்றி இருக்கிற மூளைக்கு எப்படியாவது ரத்தத்தைத் தள்ளத்தான் உடம்பே பிரஷரை ஏற்றி வைத்திருக்கிறது. அதைத் திடீரென்று இறக்கினால் மிச்சம் போய்க்கொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். ஒரே மாத்திரை ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்குக் கேடு.

எந்த வகை என்று பார்த்ததும் தெரியாதா? தெரியாது. கசிவில் மண்டையைப் பிளக்கிற தலைவலியும் வாந்தியும் அதிகம் வரும், ஆளும் சீக்கிரம் மயக்கமாவார். ஆனால் தலைவலியே இல்லாத கசிவும் உண்டு, தலைவலியோடு வருகிற அடைப்பும் உண்டு. முப்பது வருஷம் பார்த்த டாக்டராலும் கட்டில் பக்கத்தில் நின்று உறுதியாகச் சொல்ல முடியாது. போனில் கேட்கிற டாக்டரால் எப்படி முடியும்? சி.டி. ஸ்கேன் ஒன்றுதான் சொல்லும். புதுக் கசிவு அதில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பு என்றால் ஆரம்ப மணி நேரங்களில் படம் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். வெள்ளை இல்லை, ஆனால் கை கால் விழுந்திருக்கிறது, சுகர் இறங்கிப்போன கேஸும் இல்லை என்றால், அது அடைப்பு. படம் எடுக்கச் சில நிமிஷம்தான் ஆகும். ஆக, ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போவது, கொண்டுபோகிறவர் எவ்வளவு பாசமாக இருந்தாலும், சும்மா இருப்பதற்குச் சமம்.

இனி அந்த மணிக்கட்டுக் கதை. அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. ஆல்டிப்ளேஸ், டெனக்டிப்ளேஸ் என்று பேர். அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு 10.10க்கு முடிந்தது. அப்போது நாங்கள் ரிப்போர்ட்டுக்காக ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஏன் நாலரை மணி? தோட்டத்தில் ஒரு லைன் அடைத்துக்கொண்டால் எல்லாச் செடியும் உடனே சாவதில்லை. அடைப்புக்கு நேர் கீழே இருக்கிறது முதலில் கருகும். பக்கத்து லைனிலிருந்து கொஞ்சம் ஈரம் வருகிற செடி வாடித் தலை தொங்கி நிற்கும். சாயங்காலத்துக்குள் தண்ணீர் போனால் நிமிர்ந்துவிடும், மறுநாள் போனால் விறகுதான். மூளையிலும் நடுவில் கொஞ்சம் செத்துப்போய், சுற்றிலும் பெரிய பகுதி வாடி நிற்கும். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு ஓட்டம். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு செல் சாகிறது என்று 2006ல் அமெரிக்க டாக்டர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டு எழுதினார்.

நாலரை மணி என்றால் நாலு மணிக்கு மெதுவாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், அஞ்சு பேருக்குப் போட்டதில் சுமாராக ஒருத்தர் ஊசி இல்லாமல் இருந்திருப்பதைவிட நல்ல நிலைக்கு வருவார். மூன்று மணிக்கு மேல் நாலரைக்குள் என்றால், பதினாலு பேருக்குப் போட்டால்தான் ஒருத்தருக்கு அந்தப் பலன். அதற்குப் பிறகு பலன் தேய்ந்துபோகும், ரத்தக் கசிவு அபாயம் அப்படியே நிற்கும். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கிற வழியும் உண்டு. ஆறு மணி நேரம் வரைக்கும், சிலருக்கு மூளையில் காப்பாற்ற மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரைக்கும்கூட. பெரியப்பாவுக்கு அதையும் பார்த்தார்கள். வாடி நின்றதெல்லாம் ஏற்கனவே கருகிவிட்டது என்றார்கள்.

1984ல் முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆருக்குப் பக்கவாதம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? விமானத்தில் நியூயார்க் வரைக்கும் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் உலகத்தில் எங்கேயும் பக்கவாதத்துக்கென்று அனுமதி வாங்கின கட்டி கரைக்கும் மருந்து கிடையாது. அமெரிக்காவிலேயே 1996ல்தான் அனுமதி கொடுத்தார்கள். ஒரு மாநிலமே அழுதும் அன்றைக்குக் கிடைக்காத மருந்து, இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பூக்கார விவசாயிக்குக் கிடைக்கும். நேரத்துக்குப் போனால். திண்டுக்கல் ஜி.எச். இப்போது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. சாணார்பட்டியிலிருந்து அரை மணி நேரம். 5.45க்கு 108க்குக் கூப்பிட்டிருந்தால், வண்டி வர நேரமானாலும் ஏழு மணிக்கு ஸ்கேன் அறை வாசலில் இருந்திருக்கலாம். அங்கிருந்து மதுரைக்கே அனுப்பியிருந்தாலும் ஒன்பதுக்குள் போயிருக்கலாம். நான் கெடுத்தேன்.

"போனா அரசாங்க ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்பீர்கள். தனியாரோ அரசோ, எனக்குக் கட்சி இல்லை. 24 மணி நேரமும் ஸ்கேன் எடுத்துப் படிக்க ஆள் இருக்கிறதா, ஊசி போடுவார்களா, இந்த இரண்டு கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் போகலாம். அதை இன்றைக்கே, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, போன் போட்டுக் கேட்டு வையுங்கள். உங்கள் போனுக்கு உண்மையான வேலை அதுதான்.

இனி மதுரையில் பார்த்த இன்னொன்று. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது வேறொரு குடும்பம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்கேன் முடிந்தது. ஊசி போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் கேட்டார். நூறு பேருக்குப் போட்டால் ஆறு பேர் அளவுக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு ஆகலாம் என்பதையும் சொன்னார். அந்தச் சின்னப் பையன் பேனாவை வாங்காமல், "பெங்களூர்ல அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றான். அண்ணன் மீட்டிங்கில் இருந்தாராம். பிறகு அண்ணன் எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, இன்னொரு டாக்டரிடம் கேட்கிறேன் என்று வைத்தார். முக்கால் மணி நேரம். டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த முக்கால் மணியில் உள்ளே எத்தனை கோடி செல் கருகியது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பது இல்லை. முடிவெடுக்கிற உரிமையை நீங்கள் போனோடு சேர்த்து நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். பணம் அனுப்புகிறவர் சொன்னால்தான் ஸ்ட்ரெச்சர் நகரும் என்றாகிவிட்டது. நீங்கள் கெட்டவர் இல்லை. தம்பியும் கெட்டவன் இல்லை. ஆனால் நீங்கள் "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அங்கே ஒருத்தர் பேச்சையோ வலது கையையோ இழந்துகொண்டிருக்கிறார்.

நாங்களும் யோக்கியம் இல்லை. புறா ரத்தம் தடவினால் வாதம் போகும் என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்க பக்கம் உண்டு. பெரியப்பாவுக்கும் ஒரு வாரம் கழித்து ஒருத்தர் புறாவோடு வந்தார். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அதற்கு முன்னாலேயே நடந்திருந்தது. விழுவதற்குப் பத்து நாள் முன்னால் அவருக்கு வலது கை மரத்துப்போய், டம்ளரைப் பிடிக்க முடியாமல், பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானது. "நரம்புத் தளர்ச்சி" என்று சிரித்துவிட்டோம். அது தற்காலிக அடைப்பு. வந்து போனதே கட்டி தயாராக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அடுத்த சில நாட்கள்தான் ரொம்ப ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒருவேளை இந்தப் பதிவே இருக்காது.

ஆகவே எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் போதும். திடீரென்று கண் பார்வை போவது, நடை தள்ளாடுவது, இதுவரை வராத மாதிரி தலைவலி, இவையும் சேர்த்தி. திடீர் என்பதுதான் முக்கியம். உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி வையுங்கள். தூங்கி எழுந்தபோது விழுந்திருந்தார் என்றால் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடுகிற மாத்திரைப் பையைக் கையோடு எடுத்துப் போங்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருக்கும்போது, "தலையில சம்மட்டியால அடிச்ச மாதிரி இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்து இடது பக்கமாகச் சாய்ந்தார். மாமா அவருடைய நெஞ்சுவலி டப்பாவிலிருந்து ஆஸ்பிரினை உடைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னடா, மருந்து குடுக்க விடமாட்டேங்கிற!" என்று என்னை அடிக்க வந்தார். மகள் கோயமுத்தூரில். நாங்கள் ஜி.எச். போய்ச் சேர்ந்த பிறகுதான் அதுக்குப் போன் போட்டோம். ஸ்கேனில் வலது பக்கம் வெள்ளையாக ஒரு நெல்லிக்காய் அளவு. கசிவு. ஊசி வழியாகப் பிரஷரை இறக்கி மதுரைக்கு அனுப்பினார்கள். கசிவு முதல் சில மணி நேரத்தில்தான் பெருகும், அதனால் இதற்கும் நிமிஷக் கணக்குத்தான் என்று அங்கே சொன்னார்கள். அக்கா இன்றைக்குக் கம்பு ஊன்றி நடக்கிறது. என்னைப் பார்த்தால் திட்டுகிறது, வாய் நன்றாக இருக்கிறது.

பெரியப்பாவுக்கு மூன்று வார்த்தைதான் வரும். "வா", "பூ", அப்புறம் பெரியம்மா பேர். மல்லிகையை அழித்துவிட்டுக் கொய்யா போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போடுவீர்கள் அல்லவா? சாப்பிட்டீங்களா என்று கேட்ட பிறகு இதையும் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல 108, அப்புறம் ஸ்கேன், அப்புறம்தான் நான். கையெழுத்து நீங்களே போட்டுருங்க. என்னைக் கேக்க வேணாம்." தம்பி இதைப் பெரியம்மாவிடம் இப்போது சொல்லி வைத்திருக்கிறான்.